இரைச்சலைக் கேட்பதா, படத்தைக் கேட்பதா: டிஃப்யூஷன் மாடலுக்கு இலக்கைத் தேர்ந்தெடுப்பது

ஒரு சிறிய வேலையை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம். கையால் எழுதிய தமிழ் எழுத்துகளின் ஸ்கேன் படங்கள் கொஞ்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 64×64 பிக்சல், கறுப்பு வெள்ளை. இவற்றைக் கொண்டு புதிய கையெழுத்து வடிவங்களை உருவாக்கும் ஒரு டிஃப்யூஷன் மாடலை வீட்டில் இருக்கும் ஒரே ஜிபியூவில் பயிற்றுவிக்க வேண்டும். நெட்வொர்க் யூ-நெட் என்று முடிவாகிவிட்டது, படங்களும் தயார். ஆனால் டிஃப்யூசர்ஸ் நூலகத்தில், இரைச்சல் கலக்கும் கணக்கை வைத்திருக்கும் ஷெட்யூலரை அமைக்கும்போது `prediction_type` என்று ஒரு வரி வரும். அதற்கு மூன்று மதிப்புகள் உண்டு: `epsilon`, `sample`, `v_prediction`. பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே இருக்கும் `epsilon` என்பதையே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரி எவ்வளவு விஷயத்தைத் தீர்மானிக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் மாடல் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல படத்தை எடுத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தற்செயல் இரைச்சலைக் கலந்துகொண்டே போகிறோம். கடைசியில் படம் முழுக்க அழிந்து வெறும் புள்ளிக்கோலம்தான் மிஞ்சும். இது முன்னோக்கிய பாதை. இதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை, எல்லாம் நாமே வைத்த கணக்கு. திரும்பி வரும் பாதையைத்தான் நெட்வொர்க் கற்க வேண்டும். வெப்ப இயக்கவியலிலிருந்து இந்த யோசனையை எடுத்து 2015இல் முன்வைத்தவர்கள் ஜாஷா சோல்-டிக்ஸ்டீனும் அவருடைய சகாக்களும். 2020இல் ஜோனதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் மூவரும் இதைக் கையில் எடுத்து, பிற மாடல்களோடு போட்டி போடும் அளவுக்குத் தரமான படங்களை வரவழைத்தார்கள். அவர்கள் செய்த முக்கியமான தேர்வுகளில் ஒன்று, நெட்வொர்க்கிடம் படத்தைக் கேட்காமல், கலந்த இரைச்சலைக் கேட்டது. இன்று `epsilon` என்பது இயல்பு மதிப்பாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அந்தத் தேர்வுதான்.

இரைச்சலைப் படிப்படியாகக் கலக்கிறோம் என்று சொன்னாலும், பயிற்சியின்போது யாரும் ஆயிரம் படி நடப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் கலப்பது சாதாரணப் பரவல் இரைச்சல் என்பதால், எல்லாப் படிகளையும் சேர்த்து ஒரே தாவலில் எழுதிவிடலாம்:

```
xt = a·x0 + s·ε
a = sqrt(ᾱt),  s = sqrt(1 − ᾱt)
```

`x0` என்பது சுத்தமான படம், `ε` என்பது சராசரி 0, விலக்கம் 1 உள்ள இரைச்சல், `xt` என்பது `t`-ஆவது படியில் கலங்கிய படம். `ᾱt` என்பது ஒவ்வொரு படியிலும் கலக்கும் அளவை 1-இலிருந்து கழித்து, `t` வரை பெருக்கினால் வருவது. `a` படத்தின் பங்கு, `s` இரைச்சலின் பங்கு. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் எப்போதும் 1. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.

ஹோ குழுவின் நேர்கோட்டு ஷெட்யூலில் மொத்தம் 1000 படிகள். ஒவ்வொரு படியிலும் கலக்கும் அளவு 0.0001இல் தொடங்கி 0.02 வரை சீராக ஏறும். கணக்குப் போட்டால் முதல் படியில் படத்தின் பங்கு 0.99995, இரைச்சலின் பங்கு 0.01. ஐந்நூறாவது படியிலேயே படத்தின் பங்கு 0.28ஆகச் சரிந்துவிடும், இரைச்சல் 0.96. ஆயிரமாவது படியில் படத்தின் பங்கு வெறும் 0.00635. இந்த மூன்று இடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இவற்றுக்குத்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறோம்.

இப்போது தேர்வுக்கு வருவோம். நெட்வொர்க்குக்கு `xt`-யும் `t`-யும் கொடுக்கிறோம். அதனிடம் என்ன கேட்பது? `ε`-ஐக் கேட்கலாம், அது `epsilon`. நேராக `x0`-ஐயே கேட்கலாம், அது `sample`. அல்லது இரண்டையும் கலந்த ஒன்றைக் கேட்கலாம்: `v = a·ε − s·x0`. இது `v_prediction`, 2022இல் டிம் சாலிமன்ஸும் ஜோனதன் ஹோவும் கொண்டுவந்தது.

இயற்கணிதப்படி மூன்றும் ஒன்றுதான். `xt` கையில் இருக்கும்போது, மூன்றில் ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் கூட்டல் பெருக்கலில் எடுத்துவிடலாம். அதனால்தான் பலரும் 'எதை வைத்தால் என்ன' என்று நினைக்கிறார்கள். நெட்வொர்க் பிழையே செய்யாது என்றால் அது சரி. ஆனால் பிழை செய்யாத நெட்வொர்க் கிடையாது. மூன்று கேள்விகளில் எதைக் கேட்கிறோமோ, அதைப் பொறுத்து அந்தப் பிழை வேறு வேறு இடங்களில் போய் விழுகிறது, வேறு வேறு அளவில் பெருகுகிறது.

## கேள்வித்தாளிலேயே விடை இருந்தால்

இதை நான் புரிந்துகொண்ட வழி இது. `ε`-ஐக் கேட்கும் மாடலை ஆயிரமாவது படியில் வைத்துப் பாருங்கள். உள்ளே போவது கிட்டத்தட்ட முழுக்க இரைச்சல். நாம் கேட்பதும் இரைச்சல். அதாவது கேள்வித்தாளிலேயே விடை அச்சாகியிருக்கிறது. நெட்வொர்க் உள்ளே வந்ததை அப்படியே வெளியே தள்ளினால் போதும், சராசரி வர்க்கப் பிழை சுமார் 0.00004தான் வரும். லாஸ் அருமையாக இருக்கும். ஆனால் படத்தைப் பற்றி அது எதையுமே கற்றிருக்காது, 'அ' எப்படி இருக்கும், 'ழ' எப்படி இருக்கும் என்று ஒரு துளிகூட. அங்கே கற்க வேண்டிய விஷயம் எல்லாம் அந்த 0.00004க்குள் ஒளிந்திருக்கிறது. நெட்வொர்க்குக்கு அதைத் தோண்டி எடுக்க எந்தத் தூண்டுதலும் இல்லை.

`x0`-ஐக் கேட்கும் மாடலுக்கு இதே சோம்பல் எதிர்முனையில் வரும். முதல் படியில் உள்ளே போவது கிட்டத்தட்ட சுத்தமான படம், கேட்பதும் சுத்தமான படம். அப்படியே திருப்பிக் கொடுத்தால் பிழை 0.0001. எழுத்தின் விளிம்பைக் கூர்மையாக்குவது, காகிதத்தின் மெல்லிய சொரசொரப்பைச் சரியாகக் கொண்டுவருவது போன்ற நுணுக்கமான வேலைகளெல்லாம் இங்கேதான், திரும்பி வரும் பாதையின் கடைசிச் சில படிகளில்தான் நடக்க வேண்டும். அங்கே நெட்வொர்க் தூங்கினால் படம் மொழுமொழுவென்று வரும். ஹோ குழுவினர் `x0`-ஐக் கேட்டுப் பார்த்தபோது, தொடக்கச் சோதனைகளில் தரம் குறைவாகவே வந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

சரி, `v` என்ன செய்கிறது? அதன் வரையறையை மறுபடி பாருங்கள். இரைச்சல் அதிகமான முனையில் `a` கிட்டத்தட்ட 0, `s` கிட்டத்தட்ட 1. அப்போது `v` என்பது ஏறக்குறைய `−x0`. உள்ளே போவது இரைச்சல், கேட்பது படம். இரைச்சல் குறைந்த முனையில் `a` ஏறக்குறைய 1, `s` ஏறக்குறைய 0. அப்போது `v` என்பது ஏறக்குறைய `ε`. உள்ளே போவது படம், கேட்பது இரைச்சல். எந்த இடத்திலும் உள்ளே வந்ததைத் திருப்பிக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. கேள்வித்தாளில் எது இல்லையோ அதையே ஒவ்வொரு இடத்திலும் கேட்கிற இலக்கு இது.

இதை லாஸின் எடை என்றும் சொல்லலாம். படத்தின் பங்கின் வர்க்கத்தை இரைச்சலின் பங்கின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது சிக்னல்-இரைச்சல் விகிதம். `ε`-இல் அளந்த வர்க்கப் பிழை, `x0`-இல் அளந்த பிழையை இந்த விகிதத்தால் பெருக்கியதற்குச் சமம். `v`-இல் அளந்த பிழை, அதே விகிதத்தோடு 1 கூட்டிப் பெருக்கியதற்குச் சமம். அந்தக் கூட்டல் ஒன்றுதான் பெரிய வித்தியாசம். விகிதம் பூஜ்யத்தை நெருங்கும்போது `ε` வழியில் எடை மறைந்துவிடுகிறது. `v` வழியில் எடை 1-க்குக் கீழே இறங்குவதில்லை.

## ஒரு பிக்சலைப் பின்தொடர்வோம்

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எழுத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு சாம்பல் பிக்சலை எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 0 முதல் 255 வரையான அளவில் 200. மாடலுக்குக் கொடுக்கும்போது −1 முதல் +1 வரையான அளவுக்கு மாற்றுவோம், 0.569 வரும். ஐந்நூறாவது படிக்குத் தாவுகிறோம். அந்தப் பிக்சலுக்குக் கிடைத்த இரைச்சல் −1.2 என்று இருக்கட்டும். கலங்கிய மதிப்பு 0.28 பங்கு படமும் 0.96 பங்கு இரைச்சலும் சேர்ந்து −0.99 ஆகும்.

`ε`-ஐக் கேட்கும் நெட்வொர்க் −1.2 என்பதற்குப் பதில் −1.15 என்று சொல்கிறது. தவறு 0.05தான், நல்ல கணிப்பு. இதிலிருந்து படத்தை மீட்க, இரைச்சலைக் கழித்துவிட்டு 0.28ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் 0.397 வருகிறது, அதாவது 200 இருந்த இடத்தில் 178. 0.05 தவறு 0.17ஆகப் பெருகிவிட்டது. பெருக்கம் `s/a`, இங்கே 3.4 மடங்கு. ஆயிரமாவது படியில் இதே பெருக்கம் 157 மடங்கு. 0.05 தவறு அங்கே கிட்டத்தட்ட 8 ஆகும், படத்தின் மொத்த அகலமே −1 முதல் +1 வரை 2தான் என்கிறபோது.

`v`-ஐக் கேட்கும் நெட்வொர்க்கும் அதே 0.05 தவறு செய்யட்டும். சரியான `v` −0.882, அது −0.832 என்று சொல்கிறது. `v`-இலிருந்து படத்தை மீட்கும் சூத்திரம் `x0 = a·xt − s·v`. வகுத்தலே இல்லை. மீட்டால் 0.521, அதாவது 194. ஆறு நிலை மட்டுமே விலகல். தவறு `s` மடங்கு, அது ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. எதிர்ப்பக்கம் `ε`-ஐ மீட்டாலும் தவறு `a` மடங்குதான், அதுவும் 1-ஐத் தாண்டாது.

`x0` வழியில் படத்தைப் பொறுத்தவரை பெருக்கமே இல்லை, 0.05 தவறு 0.05ஆகவே இருக்கும். ஆனால் அடுத்த படிக்குப் போக இரைச்சலையும் மீட்க வேண்டுமே, அப்போது `s`-ஆல் வகுக்க வேண்டும். முதல் படியில் `s` 0.01 என்பதால் தவறு 100 மடங்காகும். ஆக, `ε` ஒரு முனையில் வெடிக்கிறது, `x0` மறுமுனையில் வெடிக்கிறது, `v` எங்கும் வெடிப்பதில்லை.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வழியிலும் நெட்வொர்க் ஒரே அளவு தவறு செய்யும் என்று நான் எடுத்துக்கொண்டது விளக்கத்துக்காக. உண்மையில் ஆயிரமாவது படியில் `ε` மாடலின் தவறு 0.05ஐவிட மிகச் சிறியதாகவே இருக்கும், விடை உள்ளேயே இருக்கிறதே. தவிர, சாம்ப்ளிங் செய்யும்போது, அதாவது வெறும் இரைச்சலிலிருந்து புதிய படத்தை உருவாக்கும்போது, மீட்ட `x0`-ஐ −1க்கும் +1க்கும் இடையில் வெட்டிவிடும் வழக்கம் உண்டு, ஷெட்யூலரில் `clip_sample` என்று இருக்கும். ஆயிரம் படி பொறுமையாக நடந்து வந்தால், தொடக்கத்தில் விழுந்த தவறைப் பின்னால் வரும் படிகள் திருத்திக்கொள்ளும். 2020இல் `ε` அவ்வளவு நன்றாக வேலை செய்ததற்கு இவை எல்லாம் காரணங்கள். பிக்சல் படம், போதுமான படிகள், வெட்டும் வசதி. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் `ε` இன்றைக்கும் நல்ல தேர்வுதான்.

இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போகும்போதுதான் சிக்கல். படிகளை ஐம்பதாகவோ நான்காகவோ குறைத்தால், தொடக்கத் தவறைத் திருத்த வாய்ப்பு குறைகிறது. சாலிமன்ஸும் ஹோவும் `v`-ஐக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். படிகளைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனபோது, வெறும் இரைச்சலிலிருந்து ஒரே தாவலில் படத்தை எடுக்க வேண்டிய நிலை வந்தது. அங்கே `ε` எதையும் சொல்வதில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போல, படத்தைச் சுருக்கிய லேட்டன்ட் வடிவத்தில் வேலை செய்தால், அங்கே மதிப்புகளுக்கு −1, +1 என்ற எல்லை கிடையாது, வெட்டவும் முடியாது.

## ஷெட்யூலைத் தொடாமல் இலக்கைத் தேர்ந்தெடுக்க முடியாது

எந்த இலக்கு என்ற கேள்விக்குள் எந்த ஷெட்யூல் என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. 64×64 போன்ற சிறிய படங்களுக்கு நேர்கோட்டு ஷெட்யூல் அவசரப்படுகிறது. பாதி வழியிலேயே படத்தின் பங்கு 0.28தான் மிஞ்சுகிறது என்று பார்த்தோம். அதற்கு அப்புறம் வரும் படிகளில் பெரும்பகுதி வெறும் புழுதியில் நடப்பது போல. 2021இல் அலெக்ஸ் நிக்கோலும் பிரஃபுல்லா தரிவாலும் இதைச் சோதித்தார்கள். 64×64 படங்களில் திரும்பி வரும் பாதையில் 20 சதவீதம் வரை தாண்டிவிட்டாலும் தரம் பெரிதாகக் குறையவில்லை. அந்தப் படிகளால் பயனே இல்லை என்றுதானே அர்த்தம். அதற்குப் பதிலாக அவர்கள் கோசைன் ஷெட்யூலைக் கொடுத்தார்கள். அதில் ஐந்நூறாவது படியில் படத்தின் பங்கும் இரைச்சலின் பங்கும் ஏறக்குறையச் சமம், இரண்டும் 0.7 சுற்றி. நம் சாம்பல் பிக்சலை இங்கே வைத்தால், `ε` வழியில்கூட 0.05 தவறு 0.05ஆகவே இருக்கும்.

ஆனால் கடைசிப் படியைப் பாருங்கள். கோசைனில் அங்கே படத்தின் பங்கு 0.00005தான். `ε` வழியில் பெருக்கம் சுமார் 20,000 மடங்கு. வெட்டும் வசதி இருப்பதால் பிக்சல் படங்களில் மாடல் பிழைத்துக்கொள்கிறது. ஆனாலும் திரும்பி வரும்போது அந்தப் படியிலிருந்து எடுக்கும் முதல் தாவலில் வரும் `x0` என்பது பெரும்பாலும் −1, +1 என்று வெட்டுப்பட்ட குப்பைதான். கோசைனை எடுத்தால் `v`-ஐயும் கூடவே எடுத்துக்கொள்வது என் வழக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற ஜோடி.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று இருக்கிறது, அதுதான் நம்முடைய எழுத்து வேலையில் கண்ணுக்கே தெரியும்படி அடிக்கும். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் அமைப்புக் கோப்பிலிருந்து ஷெட்யூலை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வது பலரும் செய்வது. அதில் `scaled_linear` என்ற ஷெட்யூல், 0.00085இலிருந்து 0.012 வரை. இதன் கடைசிப் படியில் படத்தின் பங்கு 0.068 மிச்சம் இருக்கிறது. முழுதாக அழியவில்லை. 0.068 என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒரு தனிப் பிக்சலில் பார்த்தால் அது ஒன்றுமில்லைதான், 1 அளவுள்ள இரைச்சலுக்குள் மூழ்கிப் போகும். ஆனால் படம் முழுவதின் சராசரியைப் பார்த்தால் கதை வேறு.

64×64 என்றால் 4096 பிக்சல். அவ்வளவு தனித்தனி இரைச்சல் எண்களைச் சராசரி எடுத்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, விலக்கம் 4096இன் வர்க்கமூலத்தால் குறையும், அதாவது 64ஆல். மிச்சம் 0.0156. நம் படங்களில் பத்தில் ஒரு பங்கு கறுப்பு மை, மீதி வெள்ளைத் தாள் என்று வைத்துக்கொண்டால், படத்தின் சராசரி 0.8. அதில் 0.068 பங்கு என்றால் 0.054. இது இரைச்சல் சராசரியின் விலக்கத்தைப் போல் மூன்றரை மடங்கு. அதாவது பயிற்சியில் கடைசிப் படியில்கூட 'இது வெளிச்சமான படம்' என்ற செய்தி நெட்வொர்க்குக்குத் தெளிவாகக் கசிகிறது. நெட்வொர்க் அதை நம்பியே பழகுகிறது. சாம்ப்ளிங் செய்யும்போது நாம் கொடுப்பதோ சராசரி 0 உள்ள சுத்தமான இரைச்சல். பயிற்சியில் அது பார்த்தே இராத உள்ளீடு. 0 சராசரி என்றால் நடுச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு, தாள் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக இழுக்கத் தொடங்கும்.

2023இல் ஷான்சுவான் லின்னும் சகாக்களும் இதைத்தான் ஸ்டேபிள் டிஃப்யூஷனில் சுட்டிக்காட்டினார்கள். முழுக்கக் கறுப்பு அல்லது முழுக்க வெள்ளைப் பின்னணி கேட்டால் அது கொடுக்காமல், எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்கே இழுப்பதற்குக் காரணம் இந்தக் கசிவுதான் என்றார்கள். அவர்கள் சொன்ன தீர்வு, கடைசிப் படியில் படத்தின் பங்கு சரியாக 0 ஆகும்படி ஷெட்யூலை மாற்றி அமைப்பது. டிஃப்யூசர்ஸ் நூலகத்தில் இதற்கு `rescale_betas_zero_snr=True` இருக்கிறது. ஆனால் இதைப் போட்ட அந்த நிமிடமே `ε` வழி மூடிவிடுகிறது. கடைசிப் படியில் `xt` என்பதே `ε`. அதைச் சொல்வதில் எந்தத் தகவலும் இல்லை, `x0`-ஐ மீட்கப் போனால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். அதனால்தான் அவர்கள் `v`-க்கு மாறச் சொன்னார்கள். ஷெட்யூலும் இலக்கும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள் என்று நான் சொல்வது இதனால்தான்.

படம் பெரிதாகப் பெரிதாக இந்தக் கசிவும் கூடும் என்பதையும் கவனியுங்கள். ஹோ குழுவின் நேர்கோட்டு ஷெட்யூலை 32×32 படங்களுக்குப் போட்டால் சராசரியின் கசிவு இரைச்சலுக்குள் அடங்கிப் போகிறது. அதையே 256×256 படத்துக்குப் போட்டால் சராசரி இரைச்சலின் விலக்கம் 0.004ஆகக் குறைந்துவிடும். 0.00635 பங்குகூட அதைத் தாண்டி எட்டிப் பார்க்கும். ஒரு அளவு படத்தில் நன்றாக வேலை செய்த ஷெட்யூலை வேறு அளவுக்கு யோசிக்காமல் எடுத்துச் செல்லாதீர்கள்.

## படத்தையே கேட்கும் வழி திரும்பி வந்த கதை

மேலே எழுதியதைப் படித்தால் `x0` வழியை யாரும் தொடவே மாட்டார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. 2025 கடைசியில் தியான்ஹோங் லியும் கைமிங் ஹேயும் இந்த வழிக்கு ஒரு வலுவான நியாயத்தை முன்வைத்தார்கள். இயற்கையான படங்கள், எத்தனை பிக்சல் இருந்தாலும், அந்தப் பெரிய வெளியில் ஒரு மெல்லிய பரப்பில்தான் அடங்கும். இரைச்சல் அப்படியல்ல, அது எல்லாத் திசையிலும் நிறைந்து கிடக்கும். டிரான்ஸ்ஃபார்மர் போன்ற நெட்வொர்க்கில் 32×32 அளவுள்ள வண்ணப் படத் துண்டை ஒரே டோக்கனாகக் கொடுத்தால், அதில் 3072 எண்கள். நெட்வொர்க்கின் உள் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால், இரைச்சலை முழுதாகச் சுமந்து மறுபக்கம் கொண்டுவர அதில் இடமே இல்லை. `ε`-க்கும் `v`-க்கும் இரைச்சலைச் சுமந்தே ஆக வேண்டும். படத்தை மட்டும் கேட்டால் அந்த மெல்லிய பரப்பைத் தெரிந்துகொண்டாலே போதும்.

நம் 64×64 கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் யூ-நெட்டுக்கும் இந்தச் சிக்கல் வராது. யூ-நெட்டில் முழு அளவுப் படத்தை நேராகக் கடத்திவிடும் இணைப்புகள் இருக்கின்றன, இரைச்சல் அந்த வழியாகவே வெளியே போய்விடும். ஆனால் லேட்டன்ட் இல்லாமல், பெரிய பிக்சல் படத்தைப் பெரிய துண்டுகளாக வெட்டி டிரான்ஸ்ஃபார்மரில் போடப் போகிறவர்கள், `x0`-ஐப் பழைய பாடம் என்று ஒதுக்காமல் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யும்போதும் லாஸை எந்த வெளியில் அளக்கிறோம் என்பதைத் தனியே தேர்ந்தெடுக்கலாம். நெட்வொர்க் `x0`-ஐச் சொல்லட்டும், அதை `v`-ஆக மாற்றிவிட்டுப் பிழையை அளக்கலாம், முதல் படிகளில் தூங்கும் பிரச்சினை அங்கே தீர்ந்துவிடும். நெட்வொர்க் எதைச் சொல்கிறது, பிழையை எதில் அளக்கிறோம் என்ற இரண்டும் தனித்தனி முடிவுகள். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பல ஒப்பீடுகள் திசை தவறுகின்றன.

## என் தேர்வும், அதைச் சரிபார்க்கும் விதமும்

எழுத்துப் படங்களுக்கு நான் எடுப்பது கோசைன் ஷெட்யூல், `v` இலக்கு. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே வர வேண்டும், பின்னாளில் படிகளை ஐம்பதுக்குள் குறைக்கவும் வழி இருக்க வேண்டும் என்பவை இரண்டும் எனக்கு முக்கியம். டிஃப்யூசர்ஸில் எழுதினால் பயிற்சியின் மையப் பகுதி இவ்வளவுதான்:

```python
sch = DDPMScheduler(num_train_timesteps=1000,
                    beta_schedule="squaredcos_cap_v2",
                    prediction_type="v_prediction")

t = torch.randint(0, 1000, (x0.shape[0],), device=x0.device)
eps = torch.randn_like(x0)
xt = sch.add_noise(x0, eps, t)
target = sch.get_velocity(x0, eps, t)
loss = F.mse_loss(model(xt, t).sample, target)
```

`ε` வழிக்கு `target` வரியில் `eps` என்று போட்டு, மேலே `prediction_type`-ஐ `"epsilon"` ஆக்கினால் போதும். வித்தியாசம் இரண்டே வரி. ஆபத்தும் அதுதான். மூன்று இலக்குகளும் ஒரே வடிவ டென்சர்கள். பயிற்சியில் ஒன்றும் சாம்ப்ளிங்கில் வேறொன்றும் இருந்தால் எந்த எர்ரரும் வராது, நிரல் அமைதியாக ஓடி முடிக்கும். லாஸ் நன்றாக இறங்கியிருந்தும் படத்தில் எழுத்தே இல்லாமல் புள்ளிக் குப்பை மட்டும் வந்தால், நெட்வொர்க்கைச் சந்தேகிப்பதற்கு முன் இந்த ஒரு வரியைப் பாருங்கள். ஏற்கெனவே பயிற்றுவித்த மாடலைத் தொடர்ந்து பயிற்றுவிப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 `ε`-இல் பயின்றது, 2.0இன் 768 பதிப்பு `v`-இல் பயின்றது. கையில் இருக்கும் எடைகள் எந்த இலக்கில் பயின்றனவோ, அதிலேயே தொடர்வதுதான் மலிவான வழி. மாற்றினால் அது புதிய விடையைப் பழக நேரம் எடுக்கும்.

இரண்டு வழிகளையும் ஒப்பிட நினைப்பவர்கள் லாஸ் எண்ணை அருகருகே வைத்து முடிவு செய்யக் கூடாது. `ε` லாஸ் 0.02 என்றும் `v` லாஸ் 0.05 என்றும் வந்தால் முதலாவது மேல் என்று அர்த்தமில்லை, இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். `ε` லாஸ் சின்னதாகத் தெரிவதற்கு, இரைச்சல் மிகுந்த படிகளில் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும் மதிப்பெண்ணும் ஒரு காரணம். நான் செய்வது, `t`-ஐப் பத்து அடுக்காகப் பிரித்து ஒவ்வொன்றின் லாஸையும் தனியாக வரைவது. அப்புறம் எந்த இலக்கில் பயின்றிருந்தாலும் கணிப்பை `x0`-ஆக மாற்றி, ஒரே அளவுகோலில் அடுக்கு வாரியாக ஒப்பிடுவது. மொத்த லாஸ் சில ஆயிரம் அடிகளிலேயே தட்டையாகிவிடும், அதற்கு அப்புறமும் படங்கள் நெடுநேரம் மேம்பட்டுக்கொண்டே இருக்கும். தட்டையான கோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டால் பாதியில் நிறுத்தியது போலத்தான்.

இன்னொரு சோதனை மிகவும் எளியது, ஐந்து நிமிடம் போதும். மாடலிலிருந்து அறுபது எழுபது படங்களை உருவாக்கி, ஒவ்வொன்றின் சராசரி வெளிச்சத்தையும் எடுத்து, பயிற்சிப் படங்களின் சராசரிகளோடு வைத்துப் பாருங்கள். பயிற்சிப் படங்கள் 0.8 சுற்றி இருக்க, உருவானவை எல்லாம் 0 பக்கம் சாய்ந்து, 0.6, 0.65 என்று குவிந்திருந்தால் ஷெட்யூல் கசிகிறது. கடைசிப் படியின் `alphas_cumprod[-1]`-ஐ அச்சிட்டு வர்க்கமூலம் எடுங்கள். அதைப் படத்தின் சராசரியால் பெருக்கி, பக்க நீளத்தாலும் பெருக்குங்கள். 0.5க்குக் கீழே இருந்தால் கசிவு இரைச்சலுக்குள் அடங்கும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஷெட்யூலை நம் எழுத்துகளுக்கு ஒட்டினால் இந்த எண் 3.5. நேர்கோட்டு ஷெட்யூலுக்கு 0.33. கோசைனுக்கு 0.0025.